ஆயிரம் ரூபாயில் முடியும் என்ற செய்தி: பழைய ஜிஎஸ்டி ரிட்டனை ஏற்றும் முன் பார்க்க வேண்டியவை

வாசகர் கடிதம்

ஐயா, அம்பாசமுத்திரம் பக்கம் எவர்சில்வர் பாத்திரக் கடை வைத்திருந்தேன். ஆண்டு விற்றுமுதல் 60 லட்சத்தைத் தாண்டியதில்லை. 2023 மார்ச் கடைசியில் உடம்புக்கு முடியாமல் கடையைப் பூட்டினேன். ஏப்ரலில், முன்பே சொல்லிவைத்த ஒரு லோடு மட்டும் லாரியில் வந்து இறங்கியது. 2023 ஜனவரி முதல் ஜூன் வரை ஆறு மாத ரிட்டன் போடவில்லை. ஜூன் 30 முதல் பதிவு ரத்து என்று நவம்பர் 7ஆம் தேதி உத்தரவு வந்திருப்பதை இப்போதுதான் பார்த்தேன். முதல் மூன்று மாத விற்பனைக்கு வரி 54,000 ரூபாய். கொள்முதல் பில்படி 46,000 கழியும், கட்ட வேண்டியது 8,000தான். ஒருவர், தாமதக் கட்டணமே நாளுக்கு 200 வீதம் லட்சக்கணக்கில் வரும் என்கிறார். இன்னொருவர், ‘சமாதானத் திட்டம் வந்திருக்கிறது, பழைய ரிட்டன் ஒவ்வொன்றும் ஆயிரம் ரூபாயில் முடியும், 31ஆம் தேதி கடைசி’ என்று வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். உடனே எல்லாவற்றையும் ஏற்றிவிடலாமா? அல்லது இதைவிட நல்ல சலுகை வரும் வரை காத்திருக்கலாமா? கடையை மறுபடி திறக்கும் எண்ணமும் இருக்கிறது.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், 2025 நவம்பர்

பதில்

உங்களுக்குச் சொன்ன இரண்டு பேருமே தவறாகச் சொல்லியிருக்கிறார்கள். தாமதக் கட்டணம் லட்சத்துக்குப் போகாது. ஆயிரம் ரூபாய்ச் சலுகையும் உங்களுக்குக் கிடைக்காது. ஆனால் நீங்கள் கவலைப்பட வேண்டிய தொகை தாமதக் கட்டணமே அல்ல. அது எது என்பதற்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்த வாட்ஸ்அப் செய்தி.

செய்தியில் ஆண்டு இருக்கிறதா?

இந்த மாதிரிச் செய்தி மாதத்துக்கு இரண்டு முறையாவது பாளையங்கோட்டையில் என் மேசைக்கு யாராவது ஒருவர் கைப்பேசியில் வந்து சேர்கிறது. ‘31ஆம் தேதி கடைசி’ என்று இருக்கும். எந்த ஆண்டு என்று இருக்காது. தாமதக் கட்டணச் சலுகை என்பது நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டம் போல ஆண்டு தவறாமல் வருவதல்ல. ஒவ்வொரு முறையும் தனி அறிவிக்கையாக வரும். அதில் எந்தப் படிவம், எந்த மாதங்களுக்கு உரிய ரிட்டன், எந்தத் தேதிக்குள் ஏற்ற வேண்டும் என்ற மூன்றும் எழுதியிருக்கும். மூன்றும் சேர்ந்து பொருந்தினால்தான் சலுகை. இரண்டு பொருந்தி ஒன்று பொருந்தாவிட்டால் பாதிச் சலுகை என்று எதுவும் கிடையாது.

நீங்கள் ஏற்ற வேண்டிய முக்கியப் படிவம் மாத ரிட்டனான 3பி. அதற்குப் பரவலான சலுகை 2021இல் வந்தது. 2017 ஜூலை முதல் 2021 ஏப்ரல் வரையிலான 3பி ரிட்டன்களை 2021 ஜூன் 1 முதல் ஏற்றினால், வரி இருந்தால் ரிட்டனுக்கு 1,000 ரூபாய், வரியே இல்லாவிட்டால் 500 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தார்கள். ஆகஸ்ட் 31 என்றிருந்த கடைசி நாள் பிறகு நவம்பர் 30 வரை நீட்டிக்கப்பட்டது. ‘ஆயிரம் ரூபாய்’ என்ற தொகை பெரும்பாலும் இங்கிருந்துதான் கிளம்புகிறது. படிவம் உங்களுக்குப் பொருந்துகிறது. மாதமும் பொருந்தவில்லை, தேதியும் பொருந்தவில்லை.

அடுத்தது 2023இல் வந்தது. ஏப்ரல் 1 முதல் ஜூன் 30 வரை என்று தொடங்கி ஆகஸ்ட் 31 வரை நீண்டது. ஆனால் அது தொகுப்புத் திட்டத்தில் இருப்பவர்களின் ஆண்டு ரிட்டனான ஜிஎஸ்டிஆர்-4, வழக்கமான ஆண்டு ரிட்டனான ஜிஎஸ்டிஆர்-9, பதிவு ரத்தானவர்கள் போட வேண்டிய இறுதி ரிட்டனான ஜிஎஸ்டிஆர்-10 ஆகிய படிவங்களுக்கானது. 3பி அதில் இல்லவே இல்லை. இறுதி ரிட்டனுக்கு அதில் 1,000 ரூபாய் வரம்பு இருந்தது உண்மைதான். ஆனால் உங்கள் ரத்து உத்தரவே அந்தக் கதவு மூடிய பிறகு, நவம்பரில்தான் வந்திருக்கிறது.

‘சமாதானம்’ என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2023இல் தமிழக அரசு கொண்டுவந்த சமாதானத் திட்டம் வாட் போன்ற ஜிஎஸ்டிக்கு முந்தைய வரிகளின் நிலுவைக்கானது. அதேபோல், 2025 மார்ச் 31க்குள் வரியைக் கட்டினால் வட்டியும் அபராதமும் தள்ளுபடி என்று பலர் பேசிய 128ஏ பிரிவு, 2017-18 முதல் 2019-20 வரையிலான மூன்று ஆண்டுகளுக்கு, 73ஆம் பிரிவின் கீழ் நோட்டீஸோ உத்தரவோ வந்தவர்களுக்கானது. தாமதக் கட்டணம் அதில் அடங்காது என்று வரித்துறையே சுற்றறிக்கையில் தெளிவுபடுத்தியது. இவை எல்லாம் கலந்து ஒரே செய்தியாக உங்களிடம் வந்திருக்கிறது என்றே நினைக்கிறேன்.

உங்கள் தாமதக் கட்டணம் உண்மையில் எவ்வளவு

நாளுக்கு 200 ரூபாய் என்பது சட்டப் புத்தகத்தின் 47ஆம் பிரிவில் இருக்கிற தொகை; மத்தியப் பங்கு 100, மாநிலப் பங்கு 100. 3பிக்கு அது அறிவிக்கை மூலம் எப்போதோ 50 ரூபாயாகவும், வரியில்லாத ரிட்டனுக்கு 20 ரூபாயாகவும் குறைக்கப்பட்டுவிட்டது. அதோடு, 2021 ஜூன் மாத ரிட்டனிலிருந்து நிரந்தரமான உச்சவரம்பும் இருக்கிறது. முந்தைய நிதியாண்டில் விற்றுமுதல் ஒன்றரைக் கோடிக்குள் இருந்தவர்களுக்கு ஒரு ரிட்டனுக்கு 2,000 ரூபாய்க்கு மேல் போகாது. வரியில்லாத ரிட்டனுக்கு 500 ரூபாய்க்கு மேல் போகாது. இது சலுகைத் திட்டம் அல்ல, இதற்குக் கடைசி நாளும் இல்லை, யாரிடமும் விண்ணப்பிக்கவும் வேண்டாம். ஒரே எச்சரிக்கை: விற்றுமுதல் என்பது ஒரே பான் எண்ணில் நடக்கும் எல்லாக் கடைகளையும் சேர்த்தது. தூத்துக்குடியிலோ தென்காசியிலோ உங்கள் பான் எண்ணில் இன்னொரு வியாபாரம் நடந்திருந்தால் அதையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

அப்படிப் பார்த்தால் ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மூன்றுக்கும் 2,000 வீதம். ஏப்ரல், மே, ஜூன் மூன்றும் ‘நில்’ என்று நினைத்திருப்பீர்கள். மே, ஜூன் சரி. ஏப்ரலில் லோடு இறங்கியது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த லாரி வாடகையை யார் கொடுத்தது? லாரி சர்வீஸ்காரர் தன் பில்லில் ஜிஎஸ்டி போடாமல் நீங்கள் வாடகை கொடுத்திருந்தால், அதற்கான 5 சதவீத வரியை வாங்கியவர் என்ற முறையில் நீங்கள்தான் கட்ட வேண்டும். வாடகை 6,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் வரி 300 ரூபாய்தான். ஆனால் அந்த 300 ரூபாய் இருப்பதால் ஏப்ரல் ரிட்டன் வரியில்லாத ரிட்டன் அல்ல; அதன் தாமதக் கட்டணம் 500லிருந்து 2,000 ஆகிவிடும். இதை மறைத்து நில் என்று போடச் சொல்கிறவர்கள் உண்டு. நான் சொல்ல மாட்டேன். லாரி ரசீதை எடுத்துப் பாருங்கள். ஆக, நான்கு ரிட்டனுக்கு 8,000, இரண்டுக்கு 1,000, மொத்தம் 9,000 ரூபாய்.

தளத்தில் ஏற்றும்போது ஒரு மயக்கம் வரும். ஒரு மாதத்தின் தாமதக் கட்டணம் அந்த மாத 3பியில் தெரியாது. அடுத்த மாத 3பியில்தான் வந்து நிற்கும். ஜனவரி ரிட்டனில் கட்டணம் இல்லாததைப் பார்த்துவிட்டு, சலுகை நமக்குக் கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்தவர்களை எனக்குத் தெரியும். பிப்ரவரியைத் திறந்தால் 2,000 ரூபாய் காத்திருக்கும். தாமதக் கட்டணத்தைக் கொள்முதல் வரிக் கழிவிலிருந்து கட்ட முடியாது. பணமாகவே செலுத்த வேண்டும்.

நின்றுபோன மீட்டரும் ஓடுகிற மீட்டரும்

நாளுக்கு 50 ரூபாய் வீதம் 2,000 ரூபாய் வரம்பு நாற்பதாவது நாளிலேயே எட்டிவிடும். அதாவது உங்கள் ஜனவரி ரிட்டனின் தாமதக் கட்டணம் 2023 ஏப்ரல் 1ஆம் தேதியே நின்றுபோயிற்று. அதற்குப் பிறகு ஒரு ரூபாய்கூட ஏறவில்லை, இனியும் ஏறாது. ஓடிக்கொண்டிருப்பது வட்டி. பணமாகக் கட்ட வேண்டிய வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீதம். அதற்கு உச்சவரம்பு இல்லை, தாமதக் கட்டணச் சலுகை எது வந்தபோதும் அது வட்டியைத் தொட்டதில்லை.

உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். நீங்கள் சொன்ன 46,000 இப்போது கழியாது, ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்; அதனால் முழு 54,000க்கும் வட்டி உண்டு. ஜனவரிக்கு 18,000, பிப்ரவரிக்கு 15,000, மார்ச்சுக்கு 21,000 என்று அந்த 54,000 பிரிகிறது என்று கொண்டால், ஒவ்வொன்றின் கெடு நாளிலிருந்து, அதாவது அடுத்த மாதம் 20ஆம் தேதியிலிருந்து, 2025 நவம்பர் 20 வரை வட்டி முறையே சுமார் 8,910, 7,220, 9,790 ரூபாய். லாரி வாடகை வரியின் வட்டி 135 ரூபாய். மொத்தம் 26,000 ரூபாயைச் சற்றே தாண்டுகிறது. நாள் ஒன்றுக்கு ஏறக்குறைய 27 ரூபாய், மாதம் 800 ரூபாய் வீதம் ஏறுகிறது.

இப்போது ‘நல்ல சலுகை வரும் வரை காத்திருக்கலாமா’ என்ற கேள்விக்கு இந்தக் கணக்கே பதில் சொல்லும். 2021இல் வந்ததைப் போலவே ஒரு திட்டம் நாளை வந்து, உங்களுக்கு முழுதாகப் பொருந்தினாலும், வரியுள்ள நான்கு ரிட்டனில் ஆயிரம் ஆயிரமாக 4,000 ரூபாய் மிஞ்சும். நில் ரிட்டனில் எதுவும் மிஞ்சாது, வரம்பு அதே 500தான். அந்த 4,000 ரூபாயை ஐந்து மாத வட்டி தின்றுவிடும்.

காத்திருப்பதில் இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. கெடு நாளிலிருந்து மூன்று ஆண்டு கடந்த ரிட்டனை ஏற்றவே முடியாது என்று 2023 நிதிச் சட்டம் தடை போட்டது. அது 2023 அக்டோபர் 1 முதல் அமலில் இருக்கிறது, வலைத்தளத்திலும் அதைச் செயல்படுத்தும் அறிவிப்புகள் 2025இல் வந்துவிட்டன. உங்கள் ஜனவரி 3பியின் கெடு 2023 பிப்ரவரி 20. அப்படியானால் 2026 பிப்ரவரி 20 வரை நேரம் இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். விற்பனைப் பட்டியலான ஜிஎஸ்டிஆர்-1 ஏறாமல் அந்த மாத 3பி ஏறாது. ஜனவரி ஜிஎஸ்டிஆர்-1இன் கெடு பிப்ரவரி 11. ஆகவே உங்களுக்கு உண்மையான எல்லை 2026 பிப்ரவரி 11. ரிட்டன்கள் மாத வரிசைப்படிதான் ஏறும் என்பதால், முதல் மாதம் சிக்கினால் பின்னால் இருப்பவை எல்லாம் சிக்கும். ரிட்டனை ஏற்ற முடியாமல் போனாலும் வரி மட்டும் உங்கள் தலையிலிருந்து இறங்காது.

அந்த 46,000 ரூபாய்

இதுதான் முதலில் சொன்ன பெரிய தொகை. கொள்முதல் பில்லில் கட்டிய வரியை எடுத்துக்கொள்ளவும் கெடு உண்டு. 2022-23 நிதியாண்டின் பில்லுக்கு அது 2023 நவம்பர் 30. இன்றைக்கு ஜனவரி 3பியைத் திறந்தால் திரையில் உங்கள் கொள்முதல் வரித் தொகை தானாக நிரம்பியிருக்கக்கூடும். திரையில் தெரிவதால் அது உரிமையாகிவிடாது. அதைக் கழித்து 8,000 மட்டும் கட்டினால், பின்னால் 46,000 ரூபாயையும் வட்டியையும் கேட்டு நோட்டீஸ் வரும். இந்தக் கெடுவைத் தளர்த்தி 2024இல் சேர்த்த 16(5) பிரிவு 2020-21 வரையிலான ஆண்டுகளுக்கு மட்டுமே. எனவே ஆறு ரிட்டனையும் முடிக்க உங்களுக்குத் தேவைப்படும் பணம், வரி 54,300, வட்டி 26,000, தாமதக் கட்டணம் 9,000 சேர்த்து 89,000 ரூபாயைத் தாண்டும். லெட்ஜரில் பழைய கழிவு மீதி இருந்தால் அந்த அளவுக்கு வரியும் அதன் வட்டியும் குறையும்.

ஆனால் 46,000 அடியோடு போய்விட்டது என்றும் சொல்ல மாட்டேன். அதே 2024இல் 16(6) என்று ஒரு பிரிவும் சேர்ந்தது. ரத்து உத்தரவு பிறந்த நாளில் கெடு முடியாமலிருந்த பில்களுக்கு, ரத்து பின்னால் விலக்கப்பட்டால், ரத்தான நாள் முதல் விலக்கிய நாள் வரைக்குமான ரிட்டனில் கழிவை எடுத்துக்கொள்ளலாம். அந்த ரிட்டனை விலக்கு உத்தரவிலிருந்து 30 நாளுக்குள் ஏற்ற வேண்டும். உங்கள் உத்தரவு நவம்பர் 7. கெடு நவம்பர் 30. இருபத்து மூன்று நாள் வித்தியாசத்தில் நீங்கள் உள்ளே இருக்கிறீர்கள். உத்தரவு டிசம்பரில் வந்திருந்தால் இந்த வழி இல்லை. ஜனவரி முதல் மார்ச் வரைக்குமான வரியை இப்போது பணமாகக் கட்டித்தான் ஆக வேண்டும். ஆனால் 46,000 பிறகு உங்கள் கழிவுக் கணக்கில் வந்து சேர வழி உண்டு, பதிவு மீண்டும் உயிர் பெற்றால்.

திறப்பதா, மூடுவதா

அதனால்தான் ரிட்டன் பொத்தானை அழுத்தும் முன் இந்த முடிவை எடுங்கள் என்கிறேன். பதிவை மீட்க அதிகாரியிடம் விண்ணப்பிக்கும் காலம் உத்தரவு கிடைத்ததிலிருந்து 90 நாள், அனுமதியோடு இன்னும் 180 நாள், இரண்டும் கடந்துவிட்டன. மேல்முறையீட்டுக்கான மூன்று மாதமும் கூடுதல் ஒரு மாதமும் கடந்துவிட்டன. மிச்சம் இருப்பது உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. 2022 ஜனவரி 31இல் சென்னை உயர் நீதிமன்றம் இப்படிப்பட்ட பல வியாபாரிகளின் வழக்கில், நிலுவை ரிட்டன்களை 45 நாளுக்குள் ஏற்றி, வரி, வட்டி, கட்டணம் யாவற்றையும் கழிவில் ஈடுகட்டாமல் பணமாகக் கட்டினால் பதிவை மீட்கலாம் என்று வழிகாட்டியது. அதை மேற்கோள் காட்டி நம் பக்கத்து வியாபாரிகளுக்கு மதுரையில் தொடர்ந்து நிவாரணம் கிடைத்து வருகிறது. ஆறு ரிட்டனையும் முன்பே ஏற்றிவிட்டுப் போவது உங்கள் மனுவுக்கு வலுவே தவிர, கெடுதல் இல்லை. பதிவு மீண்டால், 2023 ஜூலை முதலான நில் ரிட்டன்களுக்கும் 500 வீதம் கேட்கக்கூடும். 2025 அக்டோபர் வரை 28 மாதம், 14,000 ரூபாய். வக்கீல் செலவையும் சேர்த்து, கிடைக்கக்கூடிய 46,000க்கு எதிரே வைத்துப் பாருங்கள்.

பழைய பதிவை அப்படியே விட்டுவிட்டுப் புதிதாக ஒரு எண் வாங்கிவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். ரிட்டன் போடாமல் ரத்தானவர் அதே பான் எண்ணில் புதுப் பதிவு கேட்டால் கவனமாக ஆராயுங்கள் என்று 2019 மார்ச் 28ஆம் தேதிச் சுற்றறிக்கை அதிகாரிகளுக்குச் சொல்கிறது.

மூடுவது என்று தீர்மானித்தால் மட்டும் ஜிஎஸ்டிஆர்-10. அதன் கெடு உங்களுக்கு 2024 பிப்ரவரி 7. தாமதக் கட்டணம் உச்சவரம்பான 10,000 ரூபாயை எப்போதோ தொட்டுவிட்டது. அதைவிட முக்கியம், ரத்தான நாளில் கடையில் இருந்த பாத்திர இருப்புக்கு, முன்பு எடுத்த கழிவை அதில் திருப்பிக் கட்ட வேண்டும். மூன்றாண்டுத் தடை இந்தப் படிவத்துக்கு இல்லை. ஆகவே இதற்கு அவசரமும் இல்லை. கடையைத் திறக்கும் எண்ணம் துளியாவது இருக்கும் வரை இதில் கை வைக்காதீர்கள். ஆண்டு ரிட்டனைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. இரண்டு கோடிக்குள் விற்றுமுதல் உள்ள உங்களுக்கு அந்த ஆண்டுகளுக்கு அது தேவையில்லை.

இந்த வாரம் செய்ய வேண்டியது சிறிய வேலைதான். தளத்தில் உள்நுழைந்து Services > User Services > View Notices and Orders பகுதியில் ரத்து உத்தரவை இறக்கி, உத்தரவு நாளும் ரத்து அமலாகும் நாளும் நீங்கள் எழுதியபடியே இருக்கின்றனவா என்று பாருங்கள். அமல் நாள் வேறாக இருந்தால் எத்தனை மாத ரிட்டன் என்ற கணக்கே மாறும். அதே User Services பட்டியலில் View Additional Notices/Orders பகுதியில் 62ஆம் பிரிவின் கீழ் உத்தேச வரி விதித்த உத்தரவு ஏதேனும் கிடக்கிறதா என்றும் தேடுங்கள். அப்படி ஒன்று இருந்தால் ஜனவரி ஜிஎஸ்டிஆர்-1ஐ ஏற்றுவதற்கு முன் அதன் நகலோடு ஒருவரை நேரில் பாருங்கள். இல்லையென்றால், ஜனவரி ஜிஎஸ்டிஆர்-1, ஜனவரி 3பி, பிறகு பிப்ரவரி என்ற வரிசையில், டிசம்பருக்குள் ஆறையும் முடித்துவிடுங்கள்.